பில்லிங் பிரிவுக்கும் இணைப்புத் துண்டிப்புப் பிரிவுக்கும்: நெட் நின்றுவிட்டது, பில் நிற்கவில்லை

வணக்கம். உங்கள் இரண்டு பிரிவுகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. நீங்கள் செய்தது உங்களுக்கே தெரியும், அப்புறம் இதே கதை வேறு கம்பெனி வாடிக்கையாளர்களுக்கும் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மார்ச் 12 அன்று போன் செய்து வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு வேண்டாம் என்றேன். மூன்று மாதத்துக்குப் பாதிக் கட்டணம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள், அதுவும் வேண்டாம் என்றேன். சரி என்று ஒரு கோரிக்கை எண் கொடுத்தார்கள். 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அதனால் ஏப்ரல் 11 கடைசி நாள் என்றும் வாயால் சொன்னார்கள். கையில் வந்த குறுஞ்செய்தியில் அந்தத் தேதி இல்லை. "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது", அவ்வளவுதான். எந்தக் கோரிக்கை, என்றைக்கு முடிகிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஏதோ ஒரு சந்தேகத்தில் அன்று மாலையே உங்களுக்கு ஒரு மெயில் போட்டேன்: இன்று தேதி இது, கோரிக்கை எண் இது, உங்கள் ஊழியர் சொன்ன கடைசி நாள் ஏப்ரல் 11, தவறாக இருந்தால் சொல்லுங்கள். பதில் வரவில்லை. ஆனால் பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த நாலு வரி மெயில்தான்.

ஏப்ரல் 11 இரவு ரூட்டரில் இணைய விளக்கு சிவப்பானது. மறுநாள் காலை அப்படியே இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அதுதான் என் முதல் தப்பு. அந்த விளக்கு உங்கள் நெட்வொர்க்கின் பேச்சைக் கேட்பது. பில் போடும் கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

13-ஆம் தேதி ரூட்டரை உங்கள் கவுன்டரில் கொடுத்தேன். கொடுக்கும் முன், பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒரு முறை அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தேன், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதிலேயே கிடக்க வேண்டாம் என்று. அடாப்டர், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். அடாப்டர் இல்லையென்றால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பவர்கள் உண்டு. ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் ஸ்கேனரை ஒரு முறை காட்டினார், டிக் என்றது, ரசீது வந்தது. ஒரு நிமிட வேலை.

இப்போது மே 5-ஆம் தேதி பில்லுக்கு வருகிறேன். இந்த மடல் எழுதக் காரணமே அதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பில் சுழற்சி ஒவ்வொரு மாதமும் 5-இல் தொடங்கி அடுத்த மாதம் 4-இல் முடியும், முன்பணமாகப் பிடிப்பீர்கள். மே 5 பில்லில் வந்த தொகை என் மாதக் கட்டணத்தில் 30-இல் 7 பங்கு. பார்த்ததும் எனக்குத் திருப்திதான்: ஏப்ரல் 5 முதல் 11 வரை ஏழு நாள், அதற்கான கடைசி பில், கணக்கு சரியாக இருக்கிறது. பணமும் ஆட்டோ டெபிட்டில் போய்விட்டது. மூன்று நாள் கழித்து வேறு எதற்கோ வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் ஏப்ரல் 5 அன்று முழு மாதப் பணமும் போயிருப்பது கண்ணில் பட்டது. அந்த ஏழு நாளுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று! 30 நாளுக்குக் கொடுத்து 7 நாள்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அப்படியென்றால் 23 நாள் பணம் நீங்கள்தான் எனக்குத் தர வேண்டும். நான் தர வேண்டியது ஒன்றும் இல்லை.

பிறகு பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இரண்டு வரிகள். ஒன்று, 23 நாளுக்கான வரவு, கழித்தல் குறியோடு. இன்னொன்று, மே 5 முதல் ஜூன் 4 வரை முழு மாதக் கட்டணம். அதாவது நெட்வொர்க் நின்றதும் மீதிப் பணத்தை வரவு வைத்துவிட்டீர்கள், ஆனால் கணக்கை மூடவில்லை, மூடாத கணக்கு வழக்கம்போல் அடுத்த மாதக் கட்டணத்தைப் போட்டது, என் வரவை அதுவே விழுங்கியது, மிச்சத்துக்கு என்னிடம் பணம் எடுத்தது. முழு மாதத்திலிருந்து 23 பங்கு போனால் 7 பங்கு. கடைசி பில் எப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேனோ அச்சு அசலாக அதே தொகை. தற்செயல் இல்லை, கணக்கே அப்படித்தான் வரும். முன்பணம் வாங்கும் எந்த இணைப்பிலும், மூடாத கணக்கு போடும் முதல் பில் கடைசி பில் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். அடுத்த மாதம் முழுத் தொகை வரும்போதுதான் குட்டு உடையும்.

போன் செய்தேன். முதலில் பேசியவர் பில் சரிதான், அதுதான் ஃபைனல் என்றார். பில்லில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன், ஜூன் 4 என்று படித்தார், அப்புறம் அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மாற்றிவிட்ட இன்னொருவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "ரூட்டர் இன்னும் வரலைன்னு காட்டுது சார், அதனால துண்டிப்பு ஆர்டர் நிலுவையில இருக்கு."

ரசீது இருக்கிறதே என்றேன். எண்ணைப் படியுங்கள் என்றார். படித்தேன். அந்த எண் எங்கள் பட்டியலிலேயே இல்லை என்றார்.

ரசீதையும் நான் எடுத்த ஸ்டிக்கர் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பார்கோடு இருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் S/N என்று அச்சடித்திருக்கிறது, அது சீரியல் நம்பர், உங்கள் சாமான் கணக்கில் என் பெயருக்கு எதிரே இருப்பது அது. மற்றது MAC, நெட்வொர்க் அந்தப் பெட்டியை அடையாளம் காணும் முகவரி. மேக் முகவரியைக் கண்டுபிடிப்பது சுலபம், பன்னிரண்டே எழுத்து, எண்களைத் தவிர A முதல் F வரைதான் வரும். என் ரசீதில் இருந்தது அந்தப் பன்னிரண்டு. அரை அங்குல இடைவெளியில் ஸ்கேனர் பக்கத்துக் கோட்டைப் படித்துவிட்டது. ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன், டிக் என்றால் அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. எந்தச் சாமானோடும் பொருந்தாத ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் ரசீது அடித்துக் கொடுத்த உங்கள் மென்பொருளைத்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் வங்கியில் சொல்லி ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிட்டால் போதுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது அரை வழி. வங்கி பணம் போவதைத்தான் தடுக்கும், நீங்கள் பில் போடுவதைத் தடுக்காது. கட்டாத பில் நிலுவையாகி, தாமதக் கட்டணம் ஏறி, வசூல் ஆட்கள் கைக்குப் போகும். அதனால் முதலில் எழுத்தில் புகார் கொடுத்தேன்: மார்ச் 12 மெயில், ரசீது, ஸ்டிக்கர் போட்டோ மூன்றையும் இணைத்து, ஏப்ரல் 11-க்குப் பிறகான எந்தக் கட்டணத்தையும் ஏற்கவில்லை என்று. அதை அனுப்பிய பிறகே ஆட்டோ டெபிட்டை நிறுத்தினேன், அதுவும் எனக்கு நீங்கள்தான் பாக்கி என்பதால். பின்பணமாகப் பில் வருகிறவர்கள் கடைசி பில் கட்டி முடிகிற வரை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டு நாளில் ரூட்டர் "கிடைத்தது". இதற்கு மேல் என்ன என்று நினைத்தால், துண்டிப்புத் தேதியாக நீங்கள் போட்டது அது கிடைத்த தேதி, மே 10! ஏப்ரல் 12 முதல் மே 10 வரை, சிவப்பு விளக்கு எரிந்த நாட்களுக்கும், ரூட்டர் உங்கள் அலமாரியில் தூங்கிய நாட்களுக்கும் எனக்குக் கட்டணம். மறுபடி மார்ச் 12 மெயில், மறுபடி விளக்கம். பணம் திரும்ப வர மே மாதம் முடிந்துவிட்டது. இதற்கிடையில் உங்கள் வலைத்தளத்தில் என் லாகின் மட்டும் உடனே வேலை செய்யாமல் போய்விட்டது. பழைய பில்களை முன்பே இறக்கி வைக்காமல் இருந்திருந்தால் தேதிகளைக் காட்டவும் வழி இருந்திருக்காது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று ஒருவர் சொன்ன அன்றைக்கே, கடைசி நாள் எது, கடைசி பில் எது வரைக்கும் என்று இரண்டு தேதியை எழுத்தில் அனுப்புங்கள். ரூட்டர் வரவில்லையென்றால் ரூட்டருக்கான பணத்தைக் கேளுங்கள், அது நியாயம். அதைச் சாக்காக வைத்து மாதக் கட்டணத்தை ஓடவிடாதீர்கள், சாமான் பாக்கி வேறு, சேவை வேறு. கவுன்டரில் ஸ்கேன் செய்த எண் வாடிக்கையாளர் பெயரில் இருக்கும் சாமானோடு பொருந்தவில்லையென்றால் ரசீது அச்சாகாமல் அங்கேயே நிற்கட்டும். நான் எதிரே நின்றுகொண்டுதானே இருந்தேன், இரண்டாவது முறை ஸ்கேன் செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கடைசியாக ஒன்று. ஜூன் 5 அன்று எனக்கு இன்னொரு பில் வந்திருக்கிறது. தொகை பூஜ்ஜியம். போன் செய்தால், பூஜ்ஜியம்தானே சார், விட்டுவிடுங்கள் என்கிறார்கள். மூடிய கணக்குக்கு 5-ஆம் தேதி பில் எதற்கு வருகிறது? கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஜூலை 5-க்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஏப்ரல் 11 முதல் உங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்