மதுரை வண்ணமீன் கடைக்காரர்களுக்கு: அந்தக் கைக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். ஒத்தக்கடையில் மொட்டைமாடியில் தொட்டி கட்டி பைட்டர் மீன் குஞ்சு எடுக்கிறவன் நான். உங்களில் பல பேர் கடைக்குச் சரக்குப் போடுகிறேன். இத்தனை வருசத்தில் விலையையும் பாக்கியையும் தவிர உங்களிடம் வேறெதுவும் பேசியதில்லை. இந்த மடல் வேறு விசயம்.

போன பங்குனியில் ஒரு கடையில் சரக்கை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பையனும் அம்மாவும் வந்தார்கள். கடைப்பையன் ஒரு நீலப் பைட்டரின் பாட்டிலுக்கு முன்னால் கைக்கண்ணாடியை நீட்டினான். துவண்டு கிடந்த மீன் ஒரு நொடியில் விசிறியாக விரிந்தது. செவுள் மூடி இரண்டும் காது மாதிரி நின்றன, அடியில் இருந்து கறுப்புத் தாடி வெளியே வந்தது. "அதுக்கு என்னாச்சு தம்பி?" என்று அம்மா கேட்டார். "உங்களப் பாத்து சந்தோசத்துல ஆடுதுக்கா" என்றான் பையன். வியாபாரம் முடிந்தது. கண்ணாடியைப் பக்கத்து பாட்டிலில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். முக்கால் மணி நேரம் கழித்தும் அது அங்கேயே சாய்ந்திருந்தது, அந்தப் பாட்டிலில் இருந்த சிவப்பு மீனும் விரித்தபடியே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்த மீன் சந்தோசத்தில் ஆடவில்லை. எதிரில் இன்னொரு ஆண் நிற்கிறான் என்று நினைத்து அவனை விரட்டுகிறது. இது தாய்லாந்துப் பக்கத்து மீன். வயல் தண்ணீரிலும் பாசி மண்டிய ஓடையிலும் வாழ்வது. ஆண்தான் வாயால் நுரை ஊதி, தண்ணீர் மேல் கூடு கட்டி, முட்டையைக் காவல் காக்கும். அதன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் மிரட்டியாக வேண்டும். கலங்கிய அந்த வயல் தண்ணீரில் செங்குத்தாக நிற்கும் கண்ணாடி எதுவும் கிடையாது. தன் உருவமே எதிரில் வந்து நிற்கும் நிலைமை அதன் வம்சத்துக்கே நேர்ந்ததில்லை. அதனால் எதிரில் துடுப்பும் தாடியுமாக ஒன்று தெரிந்தால், அதை வந்தவன் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வண்டிக் கண்ணாடியைத் தவிட்டுக்குருவி கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கதை அதேதான். நம் ஆட்களும் வண்டிக் கண்ணாடிமேல் துணியைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

மிரட்டுவதற்கு ஏன் செவுளை விரிக்க வேண்டும்? முன்னாலிருந்து பார்த்தால் தலை ரெண்டு மடங்காகத் தெரியும் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது மூச்சு. மீன் வாயால் தண்ணீரை இழுத்து, செவுள் வழியாகத் தள்ளி மூச்சு விடுகிறது. செவுள் மூடி திறந்து மூடினால்தான் அந்த பம்பு வேலை செய்யும். மூடியை அகல விரித்தே வைத்திருந்தால் பம்பு தடுமாறும். அதாவது இந்த மீன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மிரட்டுகிறது. தலைக்குள் காற்றை நேரடியாக எடுக்கும் உறுப்பு ஒன்று இருப்பதால், விரித்துக்கொண்டே அடிக்கடி மேலே போய் ஒரு மிடறு காற்றுக் குடித்துவிட்டு வரும். தண்ணீரில் பிராணவாயுவைக் குறைத்து ஆராய்ச்சி செய்து, செவுள் விரிக்கும் நேரம் குறைகிறது என்று 2005-இல் எழுதியிருக்கிறார்கள். தெம்பில்லாதவன் இதில் நடிக்க முடியாது. அதிக நேரம் விரித்து நிற்பவன் உடம்பில் நிஜமாகவே சத்து இருக்கிறது என்று எதிராளிக்குப் புரிந்துவிடும்.

நிஜமான இரண்டு ஆண் மீன்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நேருக்கு நேர் திரும்பிச் செவுளை விரிக்கும்போது, மற்றது அநேகமாகப் பக்கவாட்டில் திரும்பித் துடுப்பையும் வாலையும் காட்டும். அப்புறம் முறை மாறும். 1968-இல் சிம்ப்சன் என்பவர் இதையெல்லாம் நொடிக்கணக்காகப் பதிவு செய்திருக்கிறார். நம்மூர் கிடா முட்டில் பார்க்கிறோமே, ஒரு கட்டத்தில் ஒன்று தலையைத் திருப்பும், ஆட்டம் முடியும். இங்கேயும் ஒருவன் துடுப்பைச் சுருக்கி, நிறம் மங்கி விலகுவான்.

கண்ணாடியில் இருப்பவன் விலக மாட்டான். இது நேராகத் திரும்பினால் அவனும் நேராகத் திரும்புகிறான், பக்கம் காட்டினால் அவனும் பக்கம் காட்டுகிறான். முறை மாறுவதே இல்லை. இது மூச்சு வாங்க மேலே போனால் அவனும் அதே நொடியில் போய் அதே நொடியில் திரும்பி வருகிறான். ஜெயிக்கவும் முடியாத, தோற்கவும் முடியாத சண்டை அது. அதனால்தான் அந்தச் சிவப்பு மீன் முக்கால் மணி நேரமும் விரித்தே நின்றது.

"கைக்கண்ணாடியை எடுத்துவிட்டால் சரியாப் போச்சு" என்று சொல்வீர்கள். அங்கேதான் பலர் தவறுகிறோம். தொட்டியின் சுவரே கண்ணாடிதான்.

திருமங்கலத்தில் என் அக்கா மகன் ஒரு பைட்டர் வாங்கினான். ஒரு அடி நீளச் சதுரத் தொட்டி, பின்னால் அழகுக்காக கறுப்பு சார்ட் பேப்பர், மேலே எல்இடி விளக்கு. "மாமா, பகல்ல நல்லா இருக்கு. ஏழு மணிக்கு மேல பின்சுவத்தையே பாத்து வெறி பிடிச்சு நிக்குது, இரையும் எடுக்க மாட்டேங்குது" என்று போன் செய்தான். விற்ற கடையில் சீக்கு என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். தொட்டி விளக்கை அணைத்து, கூடத்து ட்யூப் லைட்டைப் போட்டேன். சில நிமிசத்தில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு நடுத்தொட்டிக்கு வந்துவிட்டது. தொட்டி விளக்கைப் போட்டுக் கூடத்தை இருட்டாக்கினேன், மறுபடி சுவரடியில் போய் நின்றது. இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன், இரண்டு முறையும் அப்படியே.

ராத்திரி பஸ்ஸில் உள்ளே விளக்கு எரிந்து வெளியே இருட்டாக இருந்தால் ஜன்னலில் நம் முகம் தெரிகிறதல்லவா? அதேதான் இங்கேயும். நேராகப் பார்க்கும்போது தொட்டிக் கண்ணாடி திருப்பி அனுப்புவது நூறில் நாலு பங்கு வெளிச்சம்தான். பகலில் வெளி வெளிச்சம் அதை அமுக்கிவிடும். பின்னால் கறுப்பு இருந்து உள்ளே விளக்கும் எரிந்தால் அந்த நாலு பங்கே முழு உருவமாகத் தெரியும். நாம் அழகு என்று ஒட்டுகிற கறுப்பு பேப்பர், மீனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை நட்டு வைத்த மாதிரி.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது பகலிலும் நடக்கும். தண்ணீருக்குள் இருந்து சுவரைச் சாய்வாகப் பார்த்தால், சாய்வு சுமார் 49 பாகையைத் தாண்டியதும் வெளிச்சம் வெளியே போகாமல் முழுக்க உள்ளேயே திரும்பிவிடும். இதற்கு வெளியே இருட்டு தேவையில்லை. கண்ணில் இருந்து வால் நுனி வரை 5 சென்டிமீட்டர் இருக்கிற மீன் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால், சுவருக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கத்தில் வந்ததுமே அதற்குத் தன் வாலே பளிச்சென்று இன்னொருவன் வாலாகத் தெரியும். பெரிய தொட்டியில் மீன் எட்ட நீந்திக்கொள்ளும். நாம் விற்கிற கையகலச் சதுரப் பெட்டியில் எட்டப் போக இடம் ஏது?

அக்கா வீட்டில் செய்தது இவ்வளவுதான். கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளைப் பேப்பரை மைதாப் பசையில் முழுக்க நனைத்து, காற்று இல்லாமல் வெளிப்புறம் ஒட்டினேன். போஸ்டர் ஒட்டுகிற ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. நான்கு மூலையில் டேப் போட்டு ஒட்டினால் பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று நிற்கும். அப்போது முதல் கோளாறு சரியாகும், அந்தச் சாய்வுக் கோளாறு அப்படியே இருக்கும். பசை கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்த இடத்தில் இரண்டும் போகும். முன்பக்கம் ஒட்ட முடியாது, பார்க்க வேண்டுமே. அங்கே ஓரத்தில் பாசிக் கொத்து வைத்து, தொட்டி விளக்கைக் கூடத்து விளக்கோடு சேர்த்தே அணைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் மீன் இரை எடுத்தது. மருந்து பாட்டில் பாதி அப்படியே இருக்கிறது.

சீக்கா, பிம்பமா என்று கண்டுபிடிக்கவும் இந்த விளக்குச் சோதனை போதும். பிம்பத்துக்கு விரிக்கிற மீன் ஒரு பக்கத்தைப் பார்த்து விரிக்கும், வெளிச்சம் மாறினால் மூடிக்கொள்ளும். செவுளில் நோயோ, தண்ணீரில் அமோனியாவோ இருந்தால் எதையும் பார்க்காமலே செவுள் மூடி பாதி திறந்து நிற்கும். மூச்சு வேகமாக ஓடும், துடுப்பு சுருங்கியே இருக்கும். விளக்கை அணைத்தாலும் அது மாறாது. அதற்கு முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

இனி உங்கள் பிழைப்புக்கு வருகிறேன். கண்ணாடி காட்டாமல் எப்படி விற்பது என்று கேட்பீர்கள். காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. துடுப்பு ஓட்டை இல்லாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க நானும் காட்டுவேன், இரண்டு நிமிசம், அதற்கு மேல் கிடையாது. ஆனால் பாட்டில்களை வரிசையாக ஒட்டி வைத்து, நாள் முழுக்க ஒன்றையொன்று பார்க்க விடுகிறீர்களே, அது உங்களுக்கே நட்டம். ஓயாமல் எதிராளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மீனுக்குப் பழகிப்போய், விரிப்பது நாளாவட்டத்தில் குறைந்துவிடும். கொஞ்ச காலம் மறைத்து வைத்தால் திரும்ப வரும். மத்தியானம் வருகிற ஆள் "என்னண்ணே, செத்த மாதிரி கிடக்கு" என்று கேட்பது அதனால்தான். பாட்டிலுக்குப் பாட்டில் நடுவே வெள்ளை அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். ஆள் வரும்போது அட்டையை உருவுங்கள். கைக்கண்ணாடியே வேண்டாம், பக்கத்து மீனைப் பார்த்தே விரியும், பத்து நொடியில் செருகிவிடலாம்.

சனிக்கிழமை சரக்கோடு வரும்போது கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய நூறு துண்டு கொண்டு வருகிறேன். பாட்டில் உயரத்துக்கே வெட்டியிருக்கிறேன். இதற்குக் காசு கிடையாது, பாக்கிக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒத்தக்கடை பைட்டர்காரன்