யானை வேலியைக் காட்டெல்லையில் போடாமல் வயலைச் சுற்றிப் போட்டுத் தரக் கோருதல்

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
வவுனியா.

அனுப்புநர்:
செயலாளர்,
கமக்காரர் அமைப்பு,
வவுனியா வடக்கு.

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் 140 ஏக்கர் வயல் செய்கிற 46 குடும்பங்கள். எங்கள் ஊருக்கு யானை வேலி போட முடிவாகி, கடந்த மாதம் ஆட்கள் வந்து காட்டெல்லையோடு மரங்களில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலி வருவது எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தக் கோடு பிழையான இடத்தால் போகிறது. காட்டெல்லையில் ஏழு கிலோமீற்றருக்குப் போடப்போகும் வேலியை, வயலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீற்றருக்குப் போட்டுத் தாருங்கள். அதுவும் பயிர் நிற்கிற மாதங்களுக்கு மட்டும் நிற்கும் வேலியாகத் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். வேலியே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடந்த தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, கால்போக நெல் பால் பிடித்து நின்ற நேரம். நான் கிழக்கு மூலையில் காவற்கொட்டிலில் இருந்தேன். இரவு இரண்டு மணிபோல மேற்கு வரம்பில் தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. கையில் இருந்த இரண்டு யானை வெடியையும் கொளுத்திப் போட்டேன். வெடிக்குப் பயந்து ஓடிய காலம் எப்போதோ போய்விட்டது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு, திரும்பவும் சளசளப்பு. விடிந்ததும் போய்ப் பார்த்தால் தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். கதிரை வாரி எடுத்து, வேரில் இருந்த சேற்றைக் காலில் தட்டித் தட்டிச் சுத்தமாக்கித் தின்றிருக்கிறது. தட்டிய சேறு குவியல் குவியலாகக் கிடந்தது.

முன்கால் சுவட்டைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்தேன். நாலு அடி ஐந்து அங்குலம். சுவட்டுச் சுற்றளவின் இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம் என்பது காட்டோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பார்த்தால் எட்டு அடி பத்து அங்குலம். பெண் யானை இந்த உயரத்துக்கு வருவதில்லை. வயல் முழுக்க இந்த ஒரே சுவடுதான். வந்தது கூட்டமில்லை, ஒரு தனியன். அந்த இரவில் என் இரண்டரை ஏக்கரில் முக்கால் ஏக்கர் போனது. ஏக்கருக்கு 25 மூடை எடுக்கிற வயல். உழவுக்கும் பசளைக்கும் எண்ணெய்க்கும் பட்ட கடன் அப்படியே இருக்க, 18 மூடைக்கு மேல் நட்டமாகிவிட்டது. சேதத்தைப் பார்வையிட ஒருவர் பதினொரு நாள் கழித்து வந்தார். அதற்குள் மிதிபட்ட நெல் காய்ந்து, மாடும் இறங்கிவிட்டது. இது யானைதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். கயிற்றைக் காட்டினேன். கால் ஏக்கர் என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்தச் சுவட்டை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வேலி எங்கே நிற்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. எங்கள் வயலில் இறங்குவது பெரும்பாலும் இப்படியான வளர்ந்த ஆண் யானைகள். இவைதான் வேலியை உடைக்கப் பழகியவை. மின்சாரக் கம்பியைத் தொடாமல் கட்டையைக் காலால் தள்ளிச் சாய்க்கும். பக்கத்தில் மரம் நின்றால் அதை முறித்துக் கம்பிமேல் போடும். கொம்பன் என்றால் இன்னும் லேசு, கொம்பில் மின்சாரம் பாயாது. காட்டெல்லை வேலிக்கு இரண்டு பக்கமும் மரமும் பற்றையும்தான். ஏழு கிலோமீற்றரில் எந்த இடத்திலும் யானை ஆறுதலாக நின்று முயற்சி செய்யலாம், கேட்க ஆளில்லை. மாரி தொடங்கிவிட்டால் இரண்டு கிழமைக்குள் கொடி ஏறிக் கம்பியைத் தொடும். தொட்ட இடமெல்லாம் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். மானி வைத்துப் பார்த்தால் ஏழாயிரம் வோல்ற் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டாயிரம் காட்டும். அது யானைக்குக் கூச்சம் காட்டுகிற அளவுதான். காட்டுக்குள் ஏழு கிலோமீற்றர் நடந்து கொடி வெட்ட யார் போவார்கள்? பக்கத்து ஊரில் முன்பு போட்ட வேலி இப்படித்தான் போனது. இப்போது அதன் கட்டைகள் சிலருடைய ஆட்டுக்கொட்டிலில் நிற்கின்றன.

இன்னொன்று, காட்டெல்லை என்பது வரைபடத்தில் இருக்கிற கோடு. யானை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் இருப்பதில்லை. யுத்த காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த வருடங்களில் வயலெல்லாம் பற்றையாகி, யானைகள் இந்தப் பக்கமும் வாழப் பழகிவிட்டன. இலங்கை முழுக்க இதுதான் நிலைமை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது. அந்த நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். ஆகவே சிவப்புத் துணிக் கோட்டில் வேலி போட்டால், சில யானைகள் வேலிக்கு இந்தப் பக்கம் எங்களோடு அகப்பட்டுக்கொள்ளும்.

அப்புறம் யானைகளின் பாதை விசயம். எங்கள் குளத்தின் அலைகரைக்கும் காட்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 600 மீற்றர் அகலத்தில் ஒரு துண்டு இருக்கிறது. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் தாய் யானைகள் குட்டிகளோடு அதால்தான் குளத்துக்கு இறங்குகின்றன. தண்ணீர் வற்ற வற்ற அலைகரையில் புதுப் புல் முளைக்கும். காடு காய்ந்து கிடக்கிற அந்த நேரத்தில் அவற்றின் முக்கியச் சாப்பாடு அந்தப் புல்லும், அறுத்துவிட்ட எங்கள் வயல்களின் தாளும்தான். கோடு அந்தத் துண்டைக் குறுக்கே வெட்டுகிறது. வெட்டினால் கூட்டம் இல்லாமல் போகாது, அடுத்த ஊரின் வழியால் தண்ணீர் தேடும். தெற்கில் யானைகளைத் துரத்திப் பூங்காவுக்குள் விட்டு வேலி அடைத்த இடங்களில், தாய்களும் குட்டிகளும் உள்ளே தீனியின்றி மெலிந்தன. பயிரில் இறங்குகிற தனியன்களோ வெளியில்தான் நின்றன. அதே கதை இங்கேயும் வேண்டாம் என்கிறோம்.

இதில் எங்கள் பக்கப் பிழையையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஆட்களில் சிலர் வறட்சிக் காலத்தில் அலைகரைக்குள்ளேயே மரக்கறி நட்டிருக்கிறார்கள். அது குளத்துக்கும் கேடு, யானையின் புல்லையும் பிடுங்குகிற வேலை. அடுத்த வருடம் முதல் அலைகரைக்குள் பயிர் செய்வதில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறோம். இலகுவாக எடுக்கவில்லை, சண்டை பிடித்துத்தான் எடுத்தோம்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. யானைக்கு மகனைப் பறிகொடுத்த ஐயா ஒருவர் எழும்பி, “தம்பி, யானைக்குப் பாதை விடவேணும் எண்டு நீங்கள் சொல்லுறது லேசு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்ரை பேத்தியை ரியூசனாலை கூட்டிக்கொண்டு வாறது ஆர்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. காட்டெல்லையில் உறுதியான வேலி நின்று, அது உண்மையாகவே யானையை மறித்தால், அவர் கேட்பதுதான் நியாயம். அந்த வேலி மறிக்காது என்பதுதான் என் வாதம். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 150க்கு மேற்பட்ட மனிதர்கள் இந்த மோதலில் இறந்திருக்கிறார்கள்; 450க்கு மேற்பட்ட யானைகளும் செத்திருக்கின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்த யானைகளே 5,879தான். இத்தனை வருடமாகக் காட்டெல்லை வேலிகளைக் கூட்டிக்கொண்டே வந்தும் இரண்டு கணக்கும் குறையவில்லை.

நாங்கள் கேட்கிற வயல் வேலி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஐப்பசியில் விதைப்பு முடிந்தவுடன் 140 ஏக்கரையும் சுற்றிக் கட்டைகளை நட்டு, கம்பி இழுத்து, சூரிய சக்தியில் இயங்கும் மின்பெட்டியும் பற்றரியும் பொருத்துவோம். மின்சாரம் விநாடிக்கு ஒரு தடவை அடிபோல வந்து போகும். யானையைக் கொல்லாது, ஆளையும் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கிற கள்ள வேலை இருவரையும் கொல்லும், அதை எங்கள் அமைப்பு அனுமதிக்காது. மூன்றரைக் கிலோமீற்றரை 46 குடும்பத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 76 மீற்றர். தன் வயலுக்கு முன்னால் இருக்கிற 76 மீற்றரில் புல் வெட்ட ஒருவரும் பஞ்சிப்படமாட்டார்கள். வெளியில் நிற்கிற யானையும் வெட்டையில் நிற்கும், காவலில் இருக்கிறவர் கண்ணில் படும், முறித்துப் போட மரமும் இருக்காது. மாசியில் அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுற்றிக் களஞ்சியத்தில் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு தாளைத் தின்ன யானை வரட்டும், எங்களுக்கு நட்டமில்லை. குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம் இப்படியான வேலிகளைக் கமக்காரர்களே நடத்துகிறார்கள். கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் கொடுத்த தேசியச் செயற்றிட்டமும் வயலையும் ஊரையும் சுற்றி வேலி போடச் சொல்கிறதே தவிர, காட்டைச் சுற்றி அல்ல.

இதிலும் குறை உண்டு. வயல் வேலி வீடுகளைக் காக்காது. வீட்டுக்குள் நெல் மூடை இருந்தால் மணம் பிடித்துச் சுவரை இடிக்கிற யானைகள் இருக்கின்றன. அதற்கு வீடுகளைச் சுற்றி ஒரு நிரந்தர வேலி வேண்டும். ஏழு கிலோமீற்றருக்கு ஒதுக்கிய கம்பியிலும் கட்டையிலும் வயலுக்குப் போனது போக மிஞ்சுவது அதற்குப் போதும். ஐயா தன் பேத்திக்காகக் கேட்டதற்கு ஓரளவாவது பதில் அதுதான். சிறுபோகம் செய்கிற வருடங்களில் வேலியைத் திரும்பவும் போட வேண்டிவரும்; அந்த மாதங்களில் வயலின் தாள் யானைக்குக் கிடைக்காது. அதனால்தான் அலைகரைத் துண்டு கட்டாயம் திறந்திருக்க வேண்டும் என்கிறோம்.

ஆகவே ஐயா, வேலைக்கான கேள்விப்பத்திரம் கொடுப்பதற்கு முன் இந்தக் கோட்டை நிறுத்தி, வனஜீவராசிகள் திணைக்களம், வனவளத் திணைக்களம், கமநல சேவை நிலையம் ஆகியவற்றின் உத்தியோகத்தர்களோடு ஒரு தடவை எங்கள் வயலுக்கு வாருங்கள். அலைகரைத் துண்டை யாருக்கும் காணியாகப் பிரித்துக் கொடுக்காமல் எல்லைக்கல் போட்டுத் தாருங்கள். சேதம் நடந்தால் மூன்று நாளுக்குள் பார்வையிட ஒழுங்கு செய்யுங்கள். சுவட்டு அளவையும் படத்தையும் நாங்களே கிராம அலுவலர் முன்னிலையில் எடுத்து வைக்கிறோம். வேலிப் பொருட்கள் புரட்டாதிக்குள் கிடைத்தால்தான் இந்தக் கால்போகத்துக்கு உதவும்.

வருகிற நாளில் காலை ஆறு மணிக்கு முன் வந்தால் நல்லது. வெயில் ஏறினால் சுவடு வெடித்து அளக்க முடியாமல் போய்விடும்.

இங்ஙனம்,
செயலாளர்
(46 குடும்பங்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)