நான்கு கட்டம் என்றால் நான்கு விதை அல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் பட்டாணியின் ஒருபண்புக் கலப்பைப் பற்றி வந்த கட்டுரையில், ‘Rr செடியில் தன் மகரந்தச் சேர்க்கை நடந்தால் நான்கு விதைகளில் மூன்று உருண்டையாகவும் ஒன்று சுருங்கியும் இருக்கும்’ என்று இருந்தது. உருண்டைக்கு R, சுருக்கத்துக்கு r என்று வைத்து, அவை சேரக்கூடிய வழிகளைக் காட்டும் பன்னெட் கட்டத்தைச் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியம்தான் இடிக்கிறது. அப்படிப்பட்ட செடியில் ஏழு விதை உள்ள காய்களை உரித்துக்கொண்டே போனால், ஏறக்குறைய ஏழெட்டுக் காய்க்கு ஒன்றில் ஏழுமே உருண்டையாக இருக்கும். இது கணக்குப்படியே வரக்கூடியது.

மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 253 கலப்புச் செடிகளில் கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. அதாவது 2.96:1. ஆனால் செடி செடியாகப் பார்த்தால் ஒன்றில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியவை. இன்னொன்றில் 14-க்கு 15. இந்த ஏடாகூடமான எண்களையும் அவர் மறைக்காமல் கொடுத்திருக்கிறார். பாடப்புத்தகங்கள்தான் மொத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

கட்டத்தின் ஓரத்தில் R, r என்று எழுதுகிறோமே, அவை எங்கிருந்து வருகின்றன என்று பின்தொடர்ந்தால் குழப்பம் தீரும். பட்டாணியில் 14 குரோமோசோம்கள், ஏழு ஜோடி. நமக்கு ஒரு ஜோடி போதும்: ஒன்றில் விதை வடிவ மரபணுவின் R வகை, அதாவது R அல்லீல், அதன் இணையில் r. மகரந்தப்பையில் உள்ள தாய் செல், பிரியத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு குரோமோசோமையும் நகலெடுத்துவிடுகிறது. எனவே R குரோமோசோமில் இரண்டு குரோமாட்டிடு, இரண்டிலும் R. மற்றதில் இரண்டு r. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் மியாசிஸின் முதல் பிரிவில் இணைகள் விலகி ஆளுக்கொரு பக்கம் போகின்றன. இரண்டாம் பிரிவில் குரோமாட்டிடுகள் விலகுகின்றன. முடிவில் நான்கு செல்கள்: இரண்டில் R, இரண்டில் r. நடுவே இணைகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கே கலத்தல் நடந்தால் R-உம் r-உம் பிரிவது இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிப்போகலாம். அப்போதும் கணக்கு இரண்டுக்கு இரண்டுதான்.

சூலில் கதை வேறு. அங்கேயும் நான்கு செல்கள் உண்டாகின்றன, ஆனால் மூன்று அழிந்து ஒன்றுதான் மிஞ்சி முட்டை செல்லைத் தருகிறது. அது R-ஆ, r-ஆ என்பது காசைச் சுண்டிப் போடுவது மாதிரி. அந்தச் சூலுக்கு வந்து சேரும் மகரந்தமும் R-ஆகவோ r-ஆகவோ இருக்க அரைக்கு அரை வாய்ப்பு. இரண்டும் r-ஆக அமைய ½ × ½ = ¼. இரண்டும் R-ஆக அமையவும் அவ்வளவே. Rr மட்டும் இரண்டு வழியில் வரலாம்: R முட்டையிலிருந்து r மகரந்தத்திலிருந்து என்றும், மாற்றியும். அதனால் அதற்கு ½. ஆக, கட்டத்தின் நான்கு அறைகளும் ஒரே விதைக்கு உள்ள நான்கு வாய்ப்புகள். அடுத்த சூலுக்கு மறுபடியும் முதலிலிருந்து சுண்ட வேண்டும்.

மகரந்தத்தில் அரைக்கு அரை என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பட்டாணியில் அல்ல, மக்காச்சோளத்தில். சாதாரண ரகத்தின் மகரந்த ஸ்டார்ச் அயோடினில் கருநீலமாகும்; மெழுகு ரகத்தினுடையது செம்பழுப்பாகும். இரண்டையும் கலந்து வந்த செடியின் மகரந்தத்தை அயோடினில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஏறத்தாழ பாதி கருநீலம், பாதி செம்பழுப்பு. கருவுறுதல் இன்னும் நடக்கவே இல்லை, அல்லீல்கள் அதற்குள் பிரிந்தாகிவிட்டன.

சரி, RR, Rr, rr என்ற 1:2:1 எப்படி உருண்டை, சுருக்கம் என்ற 3:1 ஆகிறது? R அல்லீல் ஸ்டார்ச்சைக் கிளைவிட வைக்கும் நொதியைத் தருகிறது. r-இல் சுமார் 800 கார இணை நீளத்துக்கு ஒரு டி.என்.ஏ. துண்டு இடைச்செருகலாகப் புகுந்து அந்த நொதியைக் கெடுத்துவிட்டது. rr விதையில் ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை கூடுகிறது, அதனால் நீரும் அதிகம் ஏறுகிறது. காயும்போது தோல் சுருங்குகிறது. விதை உருண்டையாக இருக்க ஒரு R போதும். ஆனால் Rr விதையின் ஸ்டார்ச் மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஓங்கு தன்மை நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மியாசிஸுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

உருண்டை விதைகளுக்குள் இருவகை ஒளிந்திருப்பதை மெண்டல் விதைத்தே பார்த்துவிட்டார். அவற்றிலிருந்து வளர்ந்த 565 செடிகளில் 193 உருண்டை மட்டுமே கொடுத்தன. 372 இரண்டும் கொடுத்தன. ஒன்றுக்கு இரண்டு.

அப்புறம், உங்கள் படத்தில் ஒரு திருத்தம். இரண்டாம் தலைமுறை விதைகளைத் தனிச் செடிகளில் காய்த்ததாக வரைந்திருக்கிறீர்கள். விதைக்குள் இருக்கும் கருவே அடுத்த தலைமுறை என்பதால், அந்த விதைகள் முதல் தலைமுறை Rr செடியின் காய்களிலேயே, ஒரே காய்க்குள் உருண்டையும் சுருக்கமும் கலந்து கிடைக்கும். அடுத்த இதழில் படத்தை மாற்றி, ‘நான்கில் மூன்று’ என்ற இடத்தில் ‘ஒவ்வொரு விதையும் உருண்டையாக இருக்க ¾ வாய்ப்பு’ என்று போட்டால் போதும்.

— ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், திருநெல்வேலி