"இதைச் சொல்வது யார்?"

அன்புள்ள ஸ்டெல்லா,

ஏழு மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள், நியாயம்தான். அம்மாவின் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விஜிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பந்தயத்தில் நீ தோற்றாய், ஐம்பது ரூபாயை மறக்காதே.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் வேளாங்கண்ணிக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் ஒரு வாக்கியத்தின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் "இதைச் சொல்வது யார்?" என்று கேட்டிருந்தார். வாக்கியம் இதுதான்: "மருத்துவத்தை நம்பாத மக்கள் இன்னும் முழங்காலில் நகர்ந்து மாதாவிடம் செல்கிறார்கள்."

இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் களக் குறிப்பேட்டை எடுத்தேன். பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையிலுள்ள மணல் பாதையில் நகர்ந்துபோன அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். முழங்காலில் துண்டைச் சுற்றியிருந்தாள். தோளில் தொங்கிய பையில் மகனின் மாத்திரைச் சீட்டு. மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போவதாகச் சொன்னாள். நானே எழுதிவைத்திருக்கிறேன் ஸ்டெல்லா, என் கையெழுத்தில்! "மருத்துவத்தை நம்பாத" என்பது தப்பான தகவல். அது என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் "இன்னும்" என்ற சொல். இவர்கள் இந்நேரம் இதை விட்டிருக்க வேண்டும் என்ற என் தீர்ப்பு அதற்குள் இருந்தது. முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிட்டதால் பையைப் பார்த்தும் பார்க்காதவளானேன்.

அவள் சொன்ன இன்னொன்று: "நேர்ந்துகொண்டால் செலுத்தியே ஆக வேண்டும்." இதுவும் 'வேண்டும்' என்ற தீர்ப்புதான். ஆனால் 'அவள் இப்படிக் கருதுகிறாள்' என்று எழுதினால் தகவல். அந்தக் கருத்து சரியா என்பதை ஆய்வாளர் அங்கே ஒதுக்கிவைக்க வேண்டும், அது நிலவுகிறது என்பதே ஆய்வுக்குரியது என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917இல் எழுதினார். இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். எழுதும்போது "அவள் கருதுகிறாள்" நழுவினால் அவள் விதி என் விதியாகிவிடுகிறது. "மாதா குணமாக்கினார்" என்று எழுதுவதும் அதே தவறு. மறுபக்கம் சாய்வது, அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்கிறேன்: களத்துக்குப் போய்ப் பார்த்து இதைப் பொய்யென்று காட்ட முடியுமா? முடிந்தால் உள்ளே இருக்கட்டும். "வெறும் சடங்கு", "உண்மையான பக்தி" இரண்டையும் எடுத்துவிட்டேன். "சுரண்டல்"தான் இடிக்கிறது. யார் எவ்வளவு வாங்கினார், வேறு வழி இருந்ததா என்பதைப் பார்த்துச் சொல்லலாம். அது அநியாயம் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அதை விழுங்க எனக்கு மனமில்லை. கடைசிப் பகுதியில், என் தீர்ப்பு என்றும், எந்த நியாயத்தை வைத்துச் சொல்கிறேன் என்றும் வெளிப்படையாக எழுதப் போகிறேன்.

அந்தப் பகுதி வெள்ளிக்கிழமைத் தபாலில் வரும். வழக்கம்போல் கருணை காட்டாமல் அடித்துத் திருத்து. அப்பாவுக்கு என் வணக்கம்.

உன்
சாந்தி