தேதிப் பத்தியைத் திருத்தி அனுப்பும் தரவுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

தரவுப் பிரிவு நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பும் கோப்புகளில், எக்செல் தேதியாக ஏற்காமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் வரிகளை மட்டும் திருத்துகிறீர்கள். வலப்பக்கம் நிற்பவை சரி என்று விட்டுவிடுகிறீர்கள். தவறு இருப்பதே அந்த வலப்பக்கத்தில்தான்.

நாள் முன், மாதம் பின் என்று எழுதிய CSV கோப்பை, மாதம் முன்னே வரும் அமைப்புள்ள கணினியில் திறந்தால் 14/04/2023 என்பதற்குப் பொருள் கிடைக்காது. 14-ஆம் மாதம் இல்லையே. எனவே அது எழுத்தாகவே, பழுதில்லாமல் நிற்கும். 03/04/2023 மட்டும் சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகி, 44989 என்ற எண்ணாகப் பதிந்துவிடும். ஏப்ரல் 3-க்கு உரிய எண் 45019. செல்லின் வடிவத்தை (நாள்/மாதம் என்று) மாற்றினாலும் எண் மாறாது, தோற்றம்தான் மாறும்.

கோப்பு முழுக்க ஒரே இடத்திலிருந்து நாள் முன்னாக வந்தது, இரண்டிலக்க நாள், மாதம் உள்ளது என்று உறுதியானால் இது போதும்:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

இதை இடுமுன் எண்ணாக உள்ள செல்களில் DAY(A2) 12-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று தாண்டினாலும் அந்தப் பத்தியில் வேறு வழியாக வந்த, அல்லது யாரோ ஏற்கெனவே திருத்திய தேதி கலந்திருக்கிறது. அப்போது சூத்திரம் பிழை காட்டாது: DATE(2023,14,3) என்பது 2024 பிப்ரவரி 3 ஆகிவிடும்.

பல கிளைகளின் பட்டியல்களை ஒட்டிய கோப்பில் இந்தச் சூத்திரம் கூடவே கூடாது. ஒவ்வொரு கிளையின் மூல எழுத்தையும் தனித்தனியே பாருங்கள். முதல் எண் எங்காவது 12-ஐத் தாண்டினால் அந்தக் கிளை நாளை முன்னால் எழுதுகிறது. இரண்டாவது எண் தாண்டினால் மாதத்தை. இரண்டும் தாண்டினால் ஒரே கிளைக்குள்ளேயே இரண்டு பழக்கம் இருக்கிறது, அங்கே வரிசை எண்தான் துணை. ரசீது 118-இல் 28/03/2023, 119-இல் 03/04/2023, 120-இல் 14/04/2023 என்றிருந்தால் நடுவிலுள்ளது ஏப்ரல் 3. மார்ச் 4 என்று படித்தால் ரசீதுகள் பின்னோக்கிப் போகும். ஆனால் ரசீதுகள் வரிசையாகப் பதியப்பட்டால்தான் இந்தச் சாட்சி செல்லும். அதுவும் இல்லாத வரியைக் காலியாக விட்டு, அருகில் 'உறுதியில்லை' என்று குறியுங்கள். ஊகித்து நிரப்பிய தேதியைப் பிறகு யாராலும் பிரித்தறிய முடியாது.

ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி இரு பொருள் தரக்கூடியவை. 05/05 போன்ற பன்னிரண்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றே, அவற்றை விட்டுவிடலாம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். CSV-யை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். Data > From Text/CSV வழியே கொண்டுவந்து, Transform Data-வில் தேதிப் பத்தியின் வகையை Text என்று வையுங்கள். ஏற்கெனவே தானாகத் தேதி வகை விழுந்திருந்தால், அந்தப் படியை Replace current கொடுத்து மாற்ற வேண்டும். அதன்மேல் இன்னொரு படியாகச் சேர்த்தால் பயனில்லை. திருத்திய தேதியை 2023-04-03 என்ற முறையில் தனிப் பத்தியில் எழுதுங்கள். மூல எழுத்தையும் கிளையின் பெயரையும் அழிக்காமல் அதே கோப்பில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைச் சரிபார்ப்போர்