ரிசல்ட் வரும்வரை பதில் தேதியைத் தள்ளிவையுங்கள்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் முதுநிலைச் சேர்க்கை அலுவலர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் இணைவுக் கல்லூரியில் சிவில் துறை ஆசிரியராக இருக்கிறேன். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதித் தருவதும் என் பொறுப்பில்தான் வருகிறது. இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், இதே நெருக்கடியில் இருக்கும் மாணவர்களும் பெற்றோரும் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான்.

என் மாணவன் ஒருவனுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் முதுநிலைப் படிப்புக்கு நிபந்தனையுடன் ஆஃபர் வந்திருக்கிறது. மொத்த சிஜிபிஏ 7.0 இருக்க வேண்டும். ஜூன் 30-க்குள் சம்மதம் தெரிவித்து 2,000 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும். தவறினால் ஆஃபர் காலாவதி. வகுப்பு தொடங்குவது செப்டம்பர் 21. அவனுடைய தேர்வு மே மாதமே முடிந்துவிட்டது. ரிசல்ட் ஜூலை பிற்பாதியில்தான் வரும்.

தேர்வு முடிந்து இத்தனை வாரமா என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் ஊரில் பாடம் நடத்தும் துறையே தாள் திருத்தி, தேர்வு வாரியம் கூட்டி, மதிப்பெண்ணை முடிவு செய்துவிடும். எங்கள் கல்லூரி பாடம் நடத்துகிறது, பட்டம் தருவது பல்கலைக்கழகம். எங்கள் பிள்ளைகளின் விடைத்தாள்கள் டம்மி நம்பர் இடப்பட்டு மதிப்பீட்டு மையத்துக்குப் போகும். யாருடைய தாள் என்று தெரியாமல் வேறு கல்லூரி ஆசிரியர்கள் திருத்துவார்கள். எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்ணும் சேர்ந்த பிறகுதான் ரிசல்ட் வெளியாகும். ஒரு மாணவனுக்கு அவசரம் என்று முதல்வரே போய் நின்றாலும் அவனுடைய மதிப்பெண்ணை மட்டும் முன்னால் தரமாட்டார்கள். தரவும் கூடாது. இந்த மாணவனின் ப்ராஜெக்ட் வைவா மதிப்பெண்ணைப் போர்ட்டலில் ஏற்றியவனே நான்தான். ஆனால் ரிசல்ட் வரும் முன் அதை அவனிடமோ உங்களிடமோ சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"ஏழு செமஸ்டர் மதிப்பெண் இருக்கிறதே, அதை வைத்துக் கணித்துக்கொள்ளலாமே" என்று உங்களில் ஒருவர் முன்பு எனக்குப் பதில் எழுதியிருந்தார். கணித்துப் பார்த்துவிடுவோம். பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட். ஏழு செமஸ்டரில் 144 கிரெடிட் முடிந்து அவன் 6.90-இல் நிற்கிறான். கடைசி செமஸ்டரில் மீதி 16 கிரெடிட்: ப்ராஜெக்ட்டுக்கு 10, இரண்டு விருப்பப் பாடங்களுக்குத் தலா 3. விருப்பப் பாடங்களில் 7, 6 என்று கிரேடு புள்ளி வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ப்ராஜெக்ட்டில் 9 வந்தால் மொத்தம் 7.02, உங்கள் நிபந்தனையைத் தாண்டிவிடுவான். அதே ப்ராஜெக்ட்டில் 8 வந்தால் 6.95, ஆஃபர் போச்சு. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு கிரேடுதான் வித்தியாசம். 7.8-இல் நிற்கும் பிள்ளைக்கு இந்த மடலே தேவையில்லை, தைரியமாகப் பணம் கட்டிவிடலாம். நிபந்தனையை ஒட்டி நிற்பவர்களுக்குத்தான் இதைக் கேட்கிறேன்.

நிபந்தனையை எட்டாவிட்டால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று உங்களில் பலர் விதியே வைத்திருக்கிறீர்கள். நல்ல விதிதான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2,000 பவுண்டு என்பது இங்கே இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். கல்விக்கடனுக்கு ஒப்புதல் கிடைத்தாலும், இறுதி மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் பணத்தை விடுவிக்காத வங்கிக் கிளைகள் உண்டு. அதனால் ஜூன் மாதத்தில் டெபாசிட் கட்டுவது பெரும்பாலும் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான். நீங்கள் முழுத்தொகையைத் திருப்பித் தந்தாலும், இடைப்பட்ட மாதங்களின் வட்டியும், ரூபாயைப் பவுண்டாக்கி மீண்டும் ரூபாயாக்கியதில் போனதும் திரும்பி வராது. கட்டாமல் விட்டாலோ, ஜூலையில் 7.02 என்று ரிசல்ட் வரும்போது கையில் ஆஃபர் இருக்காது.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியாமல் இல்லை. யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாமல் இடங்களைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பதில் தேதி இல்லையென்றால், ஐந்து ஆஃபரை மடியில் கட்டிக்கொண்டு ஆகஸ்ட் வரை மூச்சுவிடாத பிள்ளைகளும் எங்களிடம் உண்டு. ஆகவே எல்லையில்லாத அவகாசம் கேட்கவில்லை. செப்டம்பர் 21-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் எவ்வளவு தள்ளலாம் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர் விசாவுக்கு வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வருகிறது. சேர்க்கையை உறுதி செய்து நீங்கள் தரும் சிஏஎஸ் எண் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகஸ்ட் 17-க்குள் அந்த எண் கையில் இருந்தால், செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் விசா வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். டெபாசிட்டையும் மதிப்பெண்ணையும் சரிபார்த்து அந்த எண்ணைத் தர உங்களுக்கு இரண்டு வாரம் ஒதுக்கினால், ஜூலை 31 பாதுகாப்பான தேதி. அதற்கு மேல் போனால் எங்களுக்கே ஆபத்து.

இந்தக் காத்திருப்பில் பிள்ளைகளும் சும்மா இருக்கப் போவதில்லை. காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், அதை ஜூனிலேயே எடுத்துவிடலாம். சொந்தச் சேமிப்பைக் காட்டுபவர்கள் அந்தத் தொகையைக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் வைத்திருக்க வேண்டும். ஜூலைத் தொடக்கத்திலேயே பணத்தைப் போட்டுவிட்டால் விசா விண்ணப்பத்துக்குச் சரியாக இருக்கும். ரிசல்ட் பார்த்துவிட்டுப் போட்டால் அங்கேயே ஒரு மாதம் போய்விடும். போன முறை கால அவகாசம் கிடைத்தும் ஒரு பிள்ளை தடுமாறியது இந்த 28 நாளில்தான்.

கோரிக்கை இதுதான். பதில் தேதியை ஜூன் 30-இலிருந்து ஜூலை 31-க்கு மாற்றுங்கள். விண்ணப்பிக்கும் மாணவர், தேர்வு முடிந்த தேதியும் ரிசல்ட் எதிர்பார்க்கப்படும் காலமும் குறித்த கல்லூரிக் கடிதத்தையும், ஏழு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் பழைய தேதிக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகவே அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். "ரிசல்ட் வரவில்லை, நேரம் வேண்டும்" என்று கடைசி நாள் இரவு ஒற்றை வரியில் வரும் மின்னஞ்சலை நீங்கள் ஒதுக்கினால் நான் குறை சொல்லமாட்டேன். ரிசல்ட் வந்த இரண்டு வேலை நாளுக்குள், எட்டியிருந்தாலும் எட்டாவிட்டாலும், மாணவர் பதில் சொல்ல வேண்டும்; எட்டாதவரின் இடம் அன்றே வேறொருவருக்குப் போகலாம். மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறேன், இன்னும் பொறுங்கள் என்று கேட்பவர்களுக்கும், அரியர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்த வேண்டாம்.

தேதியை மாற்றவே முடியாத துறைகள் இருந்தால், சம்மதத்தையும் பணத்தையும் பிரித்துவிடுங்கள். ஜூன் 30-க்குள் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட்டை மட்டும் ஜூலை 31 வரை விடுங்கள். எத்தனை பேர் வர விரும்புகிறார்கள் என்ற கணக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும், நகையும் வீட்டிலேயே இருக்கும்.

என் மாணவனின் விண்ணப்ப எண்ணும் கல்லூரிக் கடிதமும் ஆங்கிலப் பிரதியோடு இணைக்கப்பட்டுள்ளன. ஜூன் 30-க்கு முன்பாகவே முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவில் துறை ஆசிரியர் ஒருவர்