‘தான்’ தனியா, சேர்ந்தா?

தஞ்சாவூர்,
ஐப்பசி 9

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது என்று ஏகப்பட்ட கெடுபிடி. இன்றைக்குத்தான் மேசையில் உட்கார அனுமதி கிடைத்தது. முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

நீ மெய்ப்புத் திருத்தும் நாவலில் ஒரு பக்கம் ‘அவன்தான்’ என்றும் அடுத்த பக்கம் ‘அவன் தான்’ என்றும் இருக்கிறது, ஆசிரியரைக் கேட்டால் ‘தான் அகராதியில் தனிச்சொல், அதனால் தனியாகவே இருக்கட்டும்’ என்கிறார் என்று எழுதியிருந்தாய். ‘அப்படியானால் உம், ஏ, ஆ இதெல்லாம் என்ன கணக்கு, கூட என்பதை என்ன செய்வது?’ என்று வேறு கேட்டிருக்கிறாய். இருபத்தைந்து வருடம் மொழியியல் பாடம் நடத்தியவனிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று உனக்குத் தெரியாதா?

அச்சில் இடம் விட்டிருப்பதை முதலில் மறந்துவிடு. அது எழுத்துக்காரன் பழக்கம், சாட்சியாகாது. ஒட்டிக்கொண்டு வருவதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று விகுதி, உருபு வகை. அது சொல்லின் உடம்பிலேயே ஒரு உறுப்பு. இன்னொன்று, தனியாக நிற்கத் தெம்பில்லாமல் பக்கத்துச் சொல்மேல் சாய்ந்துகொள்வது. அதை மொழியியலில் கிளிட்டிக் என்பார்கள், ‘சாய்தல்’ என்ற கிரேக்க வேரிலிருந்து. மூன்றாவதாக முழுச்சொல். தொல்காப்பியர் உருபையும் ஏ, ஓ, உம் ஆகியவற்றையும் இடைச்சொல் என்ற ஒரே கூரையின் கீழ் வைத்தார். ஆனாலும் உருபாக வருவதைத் தனி வகையாகவும் தத்தம் குறிப்பில் பொருள் தருவதைத் தனி வகையாகவும் எண்ணினார். அந்த அறைத் தடுப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எப்படிக் கண்டுபிடிப்பது? என் பேத்தியிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். மூன்று வயது முடியப்போகிறது. போன வாரம் மிட்டாய் டப்பாவைப் பார்த்து, “நானுக்கு வேணும்” என்றாள். என் மனைவி ‘எனக்கு’ என்று திருத்தினாள். மறுநாளும் ‘நானுக்கு’தான். ஆனால் ‘நானும் வரேன்’, ‘நானா?’, ‘நாந்தான்’ இதெல்லாம் அவள் வாயில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஏன் என்று பார். கு, ஐ, ஆல் என்று உருபு வந்தால் ‘நான்’ தன் உருவத்தையே மாற்றி ‘என்’ ஆகவேண்டும். எனக்கு, என்னை, என்னால். உம், ஆ, ஏ, தான் வந்தால் ‘நான்’ அசையவே அசையாது.

மரத்தை எடுத்துக்கொள். மரத்தை, மரத்தால், மரத்துக்கு. நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டு வாங்கிப் படித்த அத்துச் சாரியை உள்ளே நுழைகிறது. ஆனால் மரமும், மரமா, மரமே, மரந்தான் என்று சொல்லும்போது அத்து எங்கே? காணோம். வீடு, வீட்டை, ஆனால் வீடும். ஆறு, ஆற்றை, ஆனால் ஆறும். உருபுக்குச் சொல்லின் உள்ளே கைவைக்கும் உரிமை இருக்கிறது. எந்தச் சொல்லில் என்ன மாற்றம் என்பதைக் குழந்தை ஒவ்வொன்றாகக் கற்கவேண்டியிருக்கிறது. சாய்பவற்றுக்கு அந்த உரிமை கிடையாது. வாசலில் நின்று சாய்ந்துகொள்வதோடு சரி. உகரம் விழுவது, யகரம் தோன்றுவது போன்றவை பொதுப் புணர்ச்சி. அவற்றைக் கணக்கில் சேர்க்காதே.

இந்தச் சோதனை ஒரு பக்கமாகத்தான் வெட்டும். சாரியை வந்தால் உருபு என்று சொல்லிவிடலாம். வராவிட்டால் கிளிட்டிக் என்று சொல்லிவிட முடியாது. ‘மரங்கள்’ என்பதில் அத்து இல்லை, ஆனாலும் ‘கள்’ விகுதிதான். ‘மரங்களை’ என்று உருபு அதற்கு வெளியே வந்து உட்காருகிறதே!

அடுத்தது, யார் மேல் சாய்கிறது என்று பார்ப்பது. ‘ஐ’ பெயரைத் தவிர எதையும் தொடாது. ‘ஆ’வுக்கு அந்த ஆசாரம் இல்லை. ராமனா, ராமனையா, நேற்றா, வந்தானா, மேசைக்கு அடியிலா, வேண்டுமா, இல்லையா. கடைசி இரண்டையும் கவனி. ‘வேண்டும்’ முழுசாக ஓடாத வினை. வேண்டினான் என்றால் பொருளே வேறாகிவிடும். வினை விகுதிகள் கைவிட்ட இடத்திலும் ‘ஆ’ தயங்காமல் போய் நிற்கிறது. 1983-இல் ஆர்னால்ட் ஸ்விக்கியும் ஜெஃப்ரி புல்லமும் எழுதிய கட்டுரை இந்த மாதிரி ஆறு சோதனைகளை வரிசைப்படுத்தியது. அதில் அவர்கள் போட்ட போடு சுவாரஸ்யமானது. ஆங்கிலத்தில் ‘நாட்’ சுருங்கி ஒட்டுவதை எல்லோரும் கிளிட்டிக் என்று நினைத்திருந்தார்கள். இவர்கள் சோதித்துவிட்டு அது விகுதி என்றார்கள். ‘வில்’ அதனோடு சேரும்போது ‘வோன்ட்’ என்று உரு மாறுகிறது. ‘ஐ ஆம்’ என்பதில் வரும் ‘ஆம்’ பொது வழக்கில் அதோடு சேர்வதே இல்லை, அங்கே ஓட்டை. இவை இரண்டும் நம் பேத்தி சோதனையும் ‘வேண்டுமா’ சோதனையும்தான்.

ஆனால் ‘ஆ’ எங்கே வேண்டுமானாலும் சாயும் என்று முடிவு கட்டிவிடாதே. ‘நல்ல புத்தகம்’ என்பதில் ‘நல்ல’ என்பதைத்தான் கேள்வியாக்க நினைக்கிறாய். ‘நல்லவா புத்தகம்’ என்று கேட்க முடியுமா? ‘நல்ல புத்தகமா?’ என்று தொடரின் கடைசியில் வைத்துத்தான் கேட்கவேண்டும். சொல்லைவிடத் தொடர்மேல்தான் அது சாய்கிறது. ‘உம்’ இன்னும் கொஞ்சம் கறார். ‘வந்தானும்’ கிடையாது, ‘வரவும் செய்தான்’ என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

வரிசையையும் பார்த்துவிடு. ‘ராமனையும்தானா?’ என்று உரக்கச் சொல்லிப்பார். ராமன், ஐ, உம், தான், ஆ. முதலில் உருபு, அதற்கு வெளியே சாய்பவை, ஒன்றின்மேல் ஒன்றாக. ‘ராமனும்’ என்றபின் ‘ஐ’யை நுழைக்க எந்தத் தமிழனாலும் முடியாது. ‘எல்லாரும்’ பழகிப்போய் ஒரே சொல்லாக இறுகிவிட்டது. அதில்கூட உருபு உள்ளே புகுந்துகொள்கிறது: எல்லாரையும், எல்லாருக்கும். இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, உன் ‘தான்’. இரண்டு தான் இருக்கின்றன, அதுதான் சிக்கல். ‘தான்தான் செய்ததாக அவன் ஒப்புக்கொண்டான்’ என்று எழுது. முதலாவது முழுச்சொல். வாக்கியத்தைத் தொடங்கும், ‘தன்னை, தனக்கு’ என்று உருபு ஏற்கும். இரண்டாவது எதையும் தொடங்காது, எந்த உருபும் ஏற்காது, ‘ராமனுக்குத்தான்’ என்று உருபுக்கு வெளியே நிற்கும், ‘நேற்றுத்தான்’ என்று பெயரல்லாததன் மேலும் சாயும். ஓசையிலும் தனிமை இல்லை. ‘நாந்தான்’, ‘அவந்தான்’ என்று கதைகளில் பேச்சை எழுதுகிறவர்கள் எழுதுவது சும்மா அல்ல. ‘நீதான்’ என்பதில் தகரம், ‘கதை’யின் நடுவில் வரும் தகரம் போலவே மென்மையாகிவிடுகிறது. ஆசிரியர் சொல்லும் அகராதித் தான் அந்த முதலாவது. இரண்டாவது அதிலிருந்து பிறந்ததுதான். இலக்கணம் பார்த்து எழுதுகிறவர்கள் ‘அவர்கள்தாம்’ என்று பன்மையைக் காப்பாற்றுவது அந்தப் பூர்வீகத்தின் மிச்சம். பூர்வீகம் வேறு, இன்றைய நிலை வேறு.

‘கூட’ இன்னும் அழகு. ‘என்கூட வந்தான்’, ‘நான்கூட வந்தேன்’ இரண்டையும் பக்கத்தில் வை. முதலாவதில் ‘நான்’, ‘என்’ ஆகிவிட்டது. அந்தக் ‘கூட’ உடன் என்ற பொருளில் முன்னால் வரும் பெயரைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவரும் சொல்லுருபு. இரண்டாவதில் ‘நான்’ அப்படியே நிற்கிறது. இது சாயும் ‘கூட’. அதனால்தான் ‘என்னைக்கூடக் கூப்பிடவில்லை’ என்று உருபுக்கு வெளியே வருகிறது. ‘ராமன்கூட வந்தான்’ என்ற இடத்தில் ராமன் உரு மாறாததால் இரண்டு பொருளும் வரும். ஐயம் வந்தால் ராமனை எடுத்துவிட்டு ‘நான்’ போட்டுப் பார். ‘என்கூட’ ஆகிறதா, ‘நான்கூட’ ஆகிறதா? ஒரு நிமிட வேலை.

எல்லாச் சோதனையும் ஒரே பக்கம் கைகாட்டும் என்று நினைத்துவிடாதே. உருபு ஒவ்வொரு சொல்லிலும் திரும்ப வரவேண்டும், ராமனையும் சீதையையும் என்று. இதையும் ஒரு சோதனையாகச் சொல்வதுண்டு. ஆனால் பேப்பரில் ‘வீடு, கடைகளில் திருட்டு’ என்று தலைப்பு வருகிறதே, ஒரே ‘இல்’ இரண்டுக்கும் வேலை செய்கிறதே! இந்தச் சோதனையை மட்டும் நம்பினால் ‘இல்’லும் சாயும் கட்சி ஆகிவிடும். நான் சாரியையைத்தான் கூடுதலாக நம்புவேன். தலைப்பு எழுதுகிறவர் இடம் மிச்சம் பிடிக்கலாம், ‘வீடில்’ என்று எழுதமாட்டார். ‘ஆக’ என்பது நடுவழியில் நிற்கிறது. ‘மரமாக’, அத்து இல்லை. ‘எனக்காக’, உருபுக்கு வெளியே. ஆனால் ‘ஆ’வைப் போல வந்தான், நேற்று என்று கண்டதன்மேல் எல்லாம் சாய்வதில்லை. ஆகு என்ற வினையாக இருந்து இறங்கி வந்தது, இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. அதை எந்தப் பெட்டியிலும் திணிக்க நான் தயாரில்லை. நீ வழக்கம்போலச் சேர்த்தே போடு.

ஆக உன் நாவலில் சாயும் தானையும் கூடவையும் சேர்த்துவிடு. சொல்லுருபுக் ‘கூட’ பேச்சில் சேர்ந்துதான் ஒலிக்கிறது, அதை ஆசிரியர் விருப்பத்துக்கு விடு. ஆனால் கணினியில் ஒரே அடியாக மாற்றிவிடாதே. பல வருடம் முன்பு ஒரு கட்டுரைத் தொகுப்பில் நான் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன். ‘கணவன் தான் செய்த தவறை ஒப்புக்கொண்டான்’ என்ற வரி ‘கணவன்தான் செய்த தவறை ஒப்புக்கொண்டான்’ என்று ஆகிவிட்டது. தவறு கணவனுடையது என்பது போய், ஒப்புக்கொண்டவன் கணவன் மட்டுமே என்று ஆயிற்று. மனைவி செய்த தவறோ என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டார். அந்த மாதிரி இடத்தில் ‘தான்’ என்பதை முன்னால் நகர்த்திப் பார். ‘தான் செய்த தவறைக் கணவன் ஒப்புக்கொண்டான்.’ பொருள் மாறாமல் நகர்ந்தால் அது முழுச்சொல், இடம் விட்டே எழுதவேண்டும்.

கண்ணில் நீர் வடிகிறது, நிறுத்துகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பையன் வேலை மாற்றல் என்ன ஆயிற்று? பொங்கலுக்கு வருவதாகப் போன வருடமும் சொன்னாய். பேத்தி இப்போது வந்து நிற்கிறாள். உனக்கு எழுதுகிறேன் என்றதும், “நானுக்கும் ஒரு கடிதம்” என்கிறாள். நீ ஒரு அட்டையாவது போடு, அவள் பெயருக்கே.

அன்புடன்,
வைத்தி